கிரால் பண்ணியும் இன்டெக்ஸ் ஆகாத பேஜ்கள்: புதுசா சைட் போட்ட சின்னக் கடைக்காரங்க கேக்கற கேள்விகள்

சைட் போட்ட புதுசுல சர்ச் கன்சோலைத் திறந்து பாத்துட்டு போன் பண்றவங்க கிட்டத்தட்ட எல்லாரும் இதே சந்தேகங்களைத்தான் கேக்கறாங்க, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். வரிசையா படிச்சாத்தான் நல்லது, பின்னாடி வர்ற பதில்கள்ல முன்னாடி சொன்னதைத் திருப்பிச் சொல்லல.

எல்லாருக்கும் புரியறதுக்கு ஒரே உதாரணத்தை கடைசி வரைக்கும் வச்சுக்கறேன். கோயம்புத்தூர்ல ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபையர் விக்கிற, சர்வீஸ் பண்ற ஒரு சின்னக் கடை, வேர்ட்பிரஸ்ல சைட், மொத்தம் 25 பேஜ். ஹோம், அபவுட், கான்டாக்ட், எட்டு சர்வீஸ் பேஜ், அப்புறம் ஏரியா பேர் போட்டு 14 பேஜ்.

1. சர்ச் கன்சோல்ல `Crawled - currently not indexed`னு வருது, சைட்ல ஏதோ எரர்னு அர்த்தமாங்க?

எரர் இல்லீங்க. கூகுள்பாட் வந்துச்சு, பேஜைத் திறந்துச்சு, படிச்சுச்சு, ஆனா தேடுற லிஸ்ட்ல சேக்கல. கடைக்கு வந்து புடவையை எல்லாம் பிரிச்சுப் பாத்துட்டு வாங்காம போன கஸ்டமர் மாதிரிதான், கதவு பூட்டியிருந்துச்சுன்னு சொல்ல முடியாது. கூகுளோட ஹெல்ப் பேஜ்லயும் இதுக்கு பெருசா விளக்கம் இல்ல, பின்னாடி சேக்கலாம் சேக்காமலும் போகலாம், திரும்ப சப்மிட் பண்ணத் தேவையில்லன்னு மட்டும்தான் போட்டிருக்கு.

இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. லிஸ்ட்ல சேக்காதேன்னு சொல்ற noindex டேக் போட்டிருந்தா அதுக்குத் தனி வரி வரும், எங்க வரக் கூடாதுன்னு சொல்ற robots.txt ஃபைல் தடுத்திருந்தா அதுக்குத் தனி வரி, 404, ரீடைரக்ட், சர்வர் எரர் எல்லாத்துக்கும் தனித்தனி வரி இருக்கு. உங்க பேஜ் இந்த வரில வந்திருக்குன்னா அதெல்லாம் காரணம் இல்லன்னு அப்பவே கழிச்சுடலாம். மிச்சம் இருக்கறது மூணு சந்தேகம்தான்: கூகுளுக்குப் போய்ச் சேந்த பேஜ்ல விஷயமே இல்லையா, இதே விஷயம் வேற பேஜ்லயும் இருக்கா, இல்ல இது சேக்கற அளவுக்கு முக்கியம்னு கூகுளுக்குத் தோணலையா. கீழ வர்றது எல்லாம் இந்த மூணுல எதுன்னு கண்டுபிடிக்கறதுதான்.

2. `Discovered - currently not indexed`னு இன்னொண்ணும் இருக்கே, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்ல. அதுல கூகுளுக்கு யூஆர்எல் இருக்கறது தெரியும், இன்னும் வந்து திறக்கவே இல்ல. அங்க `Last crawl` தேதி இருக்காது, இங்க இருக்கும். வராததுக்கு காரணம் தேடறது வேற வேலை, வந்துட்டு சேக்காததுக்கு காரணம் தேடறது வேற வேலை. இந்தப் பக்கம் வந்துட்டு சேக்காததுக்கு மட்டும்தான்.

3. சைட் போட்டு மூணு வாரம்தான் ஆச்சு. வெயிட் பண்ணவா இல்ல இப்பவே ஏதாவது பண்ணவா?

ஹோம் பேஜ் இன்டெக்ஸ் ஆயிடுச்சான்னு முதல்ல பாருங்க. ஆயிடுச்சுன்னா, மத்த பேஜ் கொஞ்சம் பின்னாடி வர்றது புது சைட்ல சகஜம்தான், மூணு வாரத்துக்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனா வெயிட் பண்ற நேரத்துல 4-வது, 6-வது கேள்வில சொல்றதை மட்டும் பாத்துடுங்க, ஏன்னா பேஜ் காலியா போய்ச் சேருதுன்னா மூணு மாசம் காத்திருந்தாலும் அது காலியாவேதான் இருக்கும்.

ஹோம் பேஜே இந்த லிஸ்ட்ல இருக்குன்னா வெயிட் பண்ணாதீங்க. அதுக்கு 10-வது கேள்வியைப் பாருங்க.

4. லிஸ்ட்ல 61னு காட்டுது, என் சைட்ல இருக்கறதே 25 பேஜ்தாங்க. மீதி எங்கிருந்து வந்துச்சு?

இந்த நம்பரைப் பாத்துத்தான் பாதிப் பேர் பயந்துடறாங்க. அந்த வரியை கிளிக் பண்ணா கீழ யூஆர்எல் லிஸ்ட் வரும், அதை எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு ஷீட்ல போட்டு ஒவ்வொண்ணா கண்ணால பாருங்க, வேற வழியே இல்ல. நம்ம ஆர்.ஓ. கடை சைட்ல அந்த 61 இப்படிப் பிரிஞ்சது: `/feed/`னு முடியறது 24, `?add-to-cart=`னு வர்றது 11, `/hello-world/`, `/sample-page/`, `/author/admin/`, தீம் போடும்போது கூடவே இறங்குன டெமோ பேஜ்னு 7. இந்த 42-உம் நீங்க போட்ட பேஜே இல்ல, வேர்ட்பிரஸும் பிளகினும் தானா உண்டாக்கினது. பாக்கி 19தான் நிஜமா உங்க பேஜ், 14 ஏரியா பேஜ், 5 சர்வீஸ் பேஜ்.

ஷீட் போட நேரம் இல்லன்னா ரிப்போர்ட்டுக்கு மேல ஒரு டிராப்டவுன் இருக்கும், `All known pages`ங்கறதை `All submitted pages`னு மாத்துங்க. சைட்மேப்ல இருக்கற யூஆர்எல் மட்டும் வரும். இந்தக் கடைக்கு 61 சட்டுனு 26 ஆயிடுச்சு. 19 வரணும், 26 வந்துச்சுன்னா அந்த 7 டெமோ பேஜும் சைட்மேப்ல போய் உக்காந்திருக்குன்னு அர்த்தம், அதாவது "இதெல்லாம் என் முக்கியமான பேஜ்"னு நீங்களே கூகுளுக்கு லிஸ்ட் குடுத்திருக்கீங்க. லாரம் இப்சம்னு புரியாத லத்தீன்ல எழுதின பேஜையெல்லாம் சேத்து. அதை டிலீட் பண்ணிடுங்க, 404 வந்தா வரட்டும், ஒண்ணும் ஆகாது.

5. அந்த ஃபீட், கார்ட் யூஆர்எல் எல்லாத்தையும் robots.txt-ல பிளாக் பண்ணிட்டா லிஸ்ட் சுத்தமாயிடும்ல?

ஃபீடை விட்டுடுங்க. அது இன்டெக்ஸ் ஆகாம இருக்கறதுதான் சரி, அந்த வரில நின்னுட்டுப் போகட்டும், உங்க மத்த பேஜுக்கு அதனால எந்தக் கெடுதலும் இல்ல. "அதை எல்லாம் கிரால் பண்றதால என் நல்ல பேஜுக்கு டைம் இல்லாம போகுமே"ன்னு கேப்பாங்க. கிரால் பட்ஜெட் கவலையெல்லாம் லட்சக்கணக்குல பேஜ் வச்சிருக்கற சைட்டுக்குத்தான், 25 பேஜ் சைட்டுக்கு இல்ல.

கார்ட் யூஆர்எல் வேணா பிளாக் பண்ணலாம், அதுல படிக்க ஒண்ணுமே கிடையாது:

```
User-agent: *
Disallow: /*add-to-cart=
```

ஒண்ணு மட்டும் கவனம். ஒரே யூஆர்எல்லுக்கு robots.txt தடையும் noindex டேக்கும் சேத்துப் போடாதீங்க, தடுத்துட்டா கூகுள் உள்ள வரவே வராது, வராததால noindex போட்டிருக்கறதே அதுக்குத் தெரியாது. அதே மாதிரி நெட்ல யாரோ குடுத்த பெரிய robots.txt-ஐ அப்படியே ஒட்டறதும் வேண்டாம், ஏன்னு 7-வது கேள்வில வருது.

6. சரி, நிஜமா எனக்கு வேணும்ங்கற சர்வீஸ் பேஜ் மாட்டியிருக்கு. முதல்ல எங்க பாக்கறது?

சர்ச் கன்சோல்ல மேல இருக்கற பெட்டில அந்த யூஆர்எல்லைப் போடுங்க. `URL is not on Google`னு வரும், பதறாம அதுக்குக் கீழ இருக்கறதைத் திறங்க. அங்க நாலு விஷயம் பாக்கணும். `Last crawl` தேதி, நீங்க பேஜைக் கடைசியா மாத்தினதுக்கு முன்னாடியா பின்னாடியா? முன்னாடின்னா கூகுள் பாத்தது பழைய பேஜ், இப்ப இருக்கறதை வச்சு யோசிக்கறதுல அர்த்தமே இல்ல. `Referring page`ல உங்க சைட்டோட பேஜ் ஏதாவது இருக்கா? இதுதான் அசல் பேஜ்னு உங்க சைட் சொல்ற `User-declared canonical`ல இதே யூஆர்எல்தான் இருக்கா, இல்ல தீம் எல்லா பேஜுக்கும் ஹோம் பேஜையே போட்டு வச்சிருக்கா?

நாலாவதுதான் முக்கியம், ஆனா பெரும்பாலானவங்க அதை மட்டும் விட்டுடறாங்க. `View crawled page`னு இருக்கும், அழுத்தினா வலது பக்கம் HTML வரும். இது கூகுள் கையில இருக்கற காப்பி. உங்க பேஜ்ல ஹெட்டிங்குக்குக் கீழ நடுவுல வர்ற ஒரு வாக்கியத்தை காப்பி பண்ணிட்டு அந்த HTML-ல தேடுங்க. கிடைச்சா விஷயம் போய்ச் சேந்திருக்கு, நேரா 8-க்குப் போங்க. கிடைக்கலன்னா காரணம் கையிலயே இருக்கு.

7. தேடினேன், ஹெட்டிங் இருக்கு, மெனு இருக்கு, உள்ள இருக்கற மேட்டர் மட்டும் இல்ல. ஆனா என் போன்ல நல்லாத்தானே தெரியுது?

போன்ல தெரியறதும் கூகுளுக்குத் தெரியறதும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. நம்ம உதாரணக் கடைல ஏஎம்சி பேஜ் இப்படித்தான் மாட்டுச்சு. வருஷ ஒப்பந்தத்துல என்னென்ன வரும், எவ்வளவு ரூபாய், எதுக்கு தனிக் காசு, எல்லாமே ஒரு பிரைஸ் டேபிள் பிளகின் வழியா ஜாவாஸ்கிரிப்ட்ல லோட் ஆச்சு. அந்த பிளகின் டேட்டாவை எடுக்கறது `/wp-json/`ங்கற பாதைல இருந்து. robots.txt-ல பாத்தா `Disallow: /wp-json/`னு ஒரு வரி, "செக்யூரிட்டிக்கு நல்லது"ன்னு யாரோ சொல்லி போட்டது. மனுஷங்க பிரவுசர் robots.txt-ஐ மதிக்காது, கூகுள்பாட் மதிக்கும், அதனால நமக்கு முழு டேபிளும் தெரியுது, கூகுளுக்கு ஹெட்டிங்கும் `Loading...`ங்கற ஒரு வார்த்தையும் மட்டும் போய்ச் சேருது. ஹெட்டிங் மட்டும் இருக்கற பேஜை யார்தான் சேப்பாங்க.

இதை உறுதி பண்ண `Test live URL` அழுத்தி, முடிஞ்சதும் `View tested page` போய் `Screenshot` பாருங்க, பக்கத்துல `More info`ல லோட் ஆகாத ஃபைல் லிஸ்டும் காரணமும் இருக்கும், robots.txt தடுத்ததுன்னா அங்கயே எழுதியிருக்கும். அந்த வரியை எடுத்தா சரியாயிடும். இன்னும் நல்லது, விலைப் பட்டியல் மாதிரி முக்கியமானதை ஜாவாஸ்கிரிப்ட் இல்லாம சாதா டேபிளா பேஜ்லயே டைப் பண்ணிடறது, பத்து வரி டேபிளுக்கு பிளகின் எதுக்குன்னு எனக்கு இன்னமும் புரியல.

இன்னொரு வகையும் உண்டு. ஹோஸ்டிங்லயோ முன்னாடி நிக்கிற ஃபயர்வால்லயோ "நீங்க மனுஷனா"ன்னு கேக்கற பக்கம் வரும் பாருங்க, அதுவே கூகுளுக்குப் போயிருக்கும். HTML-ல உங்க கடை பேருக்கு பதிலா அந்த வெரிஃபை பண்ணச் சொல்ற மேட்டர் இருந்தா அதுதான். ஹோஸ்டிங்காரங்ககிட்ட கூகுள்பாட்டை விடச் சொல்லுங்க, அந்த HTML-ஐ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிடுங்க, இல்லன்னா "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு"ன்னு ஒரே வரில முடிச்சுடுவாங்க.

8. லைவ் டெஸ்ட்ல `URL is available to Google`னு பச்சையா வருது, அப்புறமும் ஏன் சேக்க மாட்டேங்குது?

அந்தப் பச்சை டிக் சொல்றது கதவு திறந்திருக்கு, தடை எதுவும் இல்லன்னு மட்டும்தான். இதே மேட்டர் வேற பேஜ்ல இருக்கா, இந்தப் பேஜ் தேவையா, இதையெல்லாம் லைவ் டெஸ்ட் பாக்கறதே இல்ல, `Google-selected canonical`கூட அதுல வராது. 6-வதுல சொன்ன மாதிரி HTML-ல உங்க மேட்டரும் இருந்து, டெஸ்டும் பச்சைன்னா, டெக்னிக்கல் பக்கம் தேடறதை நிறுத்திடுங்க. இனிமே பேஜைப் படிச்சுத்தான் பாக்கணும்.

9. ஏரியா வாரியா பேஜ் போட்டா நல்லா வரும்னு சொன்னாங்க. 14 ஏரியாவுக்குப் போட்டேன், 14-உம் இந்த லிஸ்ட்லதான் இருக்கு. ஏங்க?

ரெண்டு டேப் திறங்க, ஒண்ணுல பீளமேடு பேஜ், இன்னொண்ணுல சிங்காநல்லூர் பேஜ். "பீளமேட்டில் சிறந்த ஆர்.ஓ. சர்வீஸ் தேடுகிறீர்களா? எங்கள் அனுபவமிக்க டெக்னீஷியன்கள் உங்கள் வீட்டுக்கே வருவார்கள்"னு ஆரம்பிக்குது, அங்க பீளமேட்டை எடுத்துட்டு சிங்காநல்லூர்னு போட்டா ரெண்டாவது பேஜ் வந்துடும். போன் நம்பர் ஒண்ணு, ஆள் ஒண்ணு, ரேட் ஒண்ணு, போட்டோவும் ஒண்ணு. சரவணம்பட்டியும் வடவள்ளியும் கணபதியும் அப்படியே. கூகுள் இதுல ஒண்ணு ரெண்டைப் படிச்சதுமே மீதியும் இதே கதைன்னு முடிவு பண்ணிடும், குறை சொல்ல முடியாது. ஊர் பேர் மட்டும் மாத்தி ஒரே இடத்துக்கு ஆளைக் கொண்டு போற பேஜுக்கு கூகுளோட ஸ்பேம் பாலிசில டோர்வேன்னே பேர் இருக்கு. சின்னக் கடைக்கு பெனால்டி வரும்னு பயமுறுத்தல, ஆனா 14-ல 14-உம் வெளிய நிக்கறதுக்கு வேற காரணம் தேட வேண்டாம்.

"வார்த்தையை மாத்தி மாத்தி எழுதிட்டா?"ன்னு அடுத்த கேள்வி வரும். பிரயோஜனம் இல்ல, தகவல் ஒண்ணாவேதான் இருக்கும். ஏரியாவுக்கு ஏரியா நிஜமாவே என்ன மாறுதுன்னு டெக்னீஷியன்கிட்ட கேளுங்க. இந்தக் கடைல கேட்டா அவர் ஏரியாவே சொல்லல, தண்ணியைத்தான் சொன்னார். சிறுவாணித் தண்ணி வர்ற வீட்ல டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, ரொம்பக் கம்மி, அங்க பல பேருக்கு ஆர்.ஓ.வே தேவைப்படாது, யூவி போதும். போர் தண்ணியை நம்பி இருக்கற அபார்ட்மென்ட்ல டிடிஎஸ் ஏறி நிக்கும், மெம்பரேன் சீக்கிரம் அடைக்கும், சாஃப்ட்னர் பத்தியும் பேச வேண்டியிருக்கும். ஆக மக்கள் பிரியறது ஏரியாவால இல்ல, குழாய்ல என்ன தண்ணி வருதுங்கறதால.

அதனால 14 பேஜை ரெண்டாக்கினோம், "சிறுவாணித் தண்ணிக்கு என்ன மெஷின்", "போர் தண்ணிக்கு என்ன மெஷின்". எந்தெந்த ஏரியாவுக்கு ஆள் அனுப்புவோம், அன்னிக்கே வருவோமா மறுநாளா, இதெல்லாம் கான்டாக்ட் பேஜ்ல ஒரே டேபிள். பழைய 14 யூஆர்எல்லையும் இந்த டேபிள் இருக்கற பேஜுக்கு 301 ரீடைரக்ட், அதாவது பழைய யூஆர்எல்லைத் திறந்தா தானா இங்க வந்துடும். அதுக்கப்புறம் அந்த 14-உம் `Page with redirect`ங்கற வரிக்கு நகந்துடும், அது அப்படித்தான் இருக்கணும், அதைப் பாத்து மறுபடியும் போன் பண்ணாதீங்க.

நிஜமாவே ரெண்டு ஊர்ல ரெண்டு கடை, வேற அட்ரஸ், வேற ஆள், வேற நேரம்னா தனித்தனி பேஜ் தாராளமா போடலாம்.

10. ஹோம் பேஜே `Crawled - currently not indexed`ல இருக்கு. இது எப்படிங்க?

இது அபூர்வம், வந்தா முதல் சந்தேகம் காப்பி மேலதான். ஹோம் பேஜ்ல இருந்து கொஞ்சம் நீளமான ஒரு வாக்கியத்தை எடுத்து இரட்டை மேற்கோள் குறிக்குள்ள போட்டு கூகுள்ல தேடுங்க. பல நேரம் சைட் போட்டுக் குடுத்த டெவலப்பரோட டெமோ சப்டொமைன்ல உங்க சைட் அச்சு அசலா இன்னும் ஓடிட்டு இருக்கும், கூகுள் அதை முன்னாடியே சேத்து வச்சிருக்கும், உங்களோடது ரெண்டாவதா வந்த காப்பி ஆயிடும். வழக்கமா இதுக்கு `Duplicate, Google chose different canonical than user`னு தனி வரி வரணும், ஆனா புது சைட்ல இந்த லிஸ்ட்லயும் வந்து நிக்கறதுண்டு. அந்த டெமோ சைட்டை எடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா உங்க டொமைனுக்கு 301 போடச் சொல்லுங்க. பாஸ்வேர்ட் போட்டு பூட்டினாலும் சரிதான்.

காப்பி எதுவும் கிடைக்கலன்னா டொமைன் முன்னாடி வேற யார்கிட்டயாவது இருந்துச்சான்னு பாருங்க. சர்ச் கன்சோல்ல `Manual actions`, `Security issues`, `Removals` மூணையும் திறந்து பாத்துடுங்க, பழைய ஓனர் வாங்கி வச்ச தண்டனை புது ஓனருக்கும் தொடரும்.

11. ஒரு பேஜுக்கு எத்தனை வார்த்தை இருந்தா இன்டெக்ஸ் ஆகும்? 800னு ஒருத்தர் சொல்றார், 1500னு இன்னொருத்தர்.

அப்படி ஒரு நம்பர் கிடையாது. 1500 வார்த்தைல "தண்ணீர் மனிதனின் அடிப்படைத் தேவை"ன்னு ஆரம்பிச்சு எழுதினதும் இந்த லிஸ்ட்ல நிக்குது, 200 வார்த்தை பேஜ் உள்ள போயிருக்கு.

நம்ம கடைல மெம்பரேன் மாத்தறதுக்கு ஒரு பேஜ், ஃபில்டர் மாத்தறதுக்கு ஒரு பேஜ், கேண்டில் மாத்தறதுக்கு ஒரு பேஜ், மூணுலயும் கம்பெனி பிரோஷர்ல இருந்து எடுத்த அதே மூணு பாரா. அந்த பாரா அதே மெஷின் விக்கிற ஊர்ல உள்ள எல்லா டீலர் சைட்லயும் இருக்கு. மூணையும் ஒரே பேஜாக்கி, டெக்னீஷியன் போன்ல சொன்னதை அப்படியே எழுதினோம். மெஷின்ல இருந்து வர்ற தண்ணியோட டிடிஎஸ் படிப்படியா ஏறுதுன்னா மெம்பரேன் போகுது, தண்ணி வர்ற வேகம் மட்டும் குறைஞ்சா முதல்ல முன்னாடி இருக்கற செடிமென்ட் ஃபில்டரைப் பாக்கணும், மெம்பரேன்னு சொல்லி காசு வாங்கற ஆளை நம்பாதீங்க. மெம்பரேன் பொதுவா ரெண்டு மூணு வருஷம் வரும், கடினமான போர் தண்ணின்னா அதுக்கு முன்னாடியே போயிடும். குடிதண்ணிக்கான இந்தியத் தரம் IS 10500-ல டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம்னு இருக்கு, வேற தண்ணியே இல்லன்னா 2000 வரைக்கும். மாத்தறதுக்கு முன்னாடி, மாத்தினதுக்கு அப்புறம் மீட்டர் காட்டற போட்டோ ரெண்டு, பார்ட் விலை, கூலி தனித்தனியா. பேஜ் முன்னைவிட சின்னதாத்தான் ஆச்சு, ஆனா அந்தத் தகவல் வேற டீலர் சைட்ல இல்ல.

12. என் சாஃப்ட்னர் பேஜ் நானே உக்காந்து எழுதினது, காப்பி இல்ல, HTML-லயும் எல்லாம் இருக்கு. அப்பவும் வரல.

6-வதுல சொன்ன `Referring page` என்ன காட்டுது? `None detected`னு இருந்தா அந்தப் பேஜுக்கு உங்க சைட்ல இருந்தே ஒரு லிங்க்கூட கண்ணுல படலன்னு நினைச்சுக்கலாம், சைட்மேப்ல மட்டும் இருக்கு. உங்க சைட்டே அதைக் கண்டுக்கலன்னா கூகுள் மட்டும் ஏன் கண்டுக்கணும். ஹோம் பேஜ்ல இருந்து போய்ப் பாருங்க, தேடல் பெட்டியைத் தொடாம, கிளிக் பண்ணி மட்டும் அந்தப் பேஜுக்குப் போக முடியுதான்னு. மெனுல இருக்குன்னு சொல்வீங்க, சில தீம்ல மொபைல் மெனு அழுத்தினாத்தான் உண்டாகும், கூகுள் பாக்கறது மொபைல் சைட்டை, அது எதையும் அழுத்தாது.

போர் தண்ணி பேஜ்ல சாஃப்ட்னர் பத்தி வர்ற அந்த வாக்கியத்துலயே லிங்க் குடுங்க, ஹோம் பேஜ்ல சர்வீஸ் லிஸ்ட்ல ஒண்ணு. "இங்கே கிளிக் செய்யவும்"னு இல்லாம "வாட்டர் சாஃப்ட்னர் எப்போ தேவை"ங்கற மாதிரி எழுதுங்க. பட்டனுக்கு onclick மட்டும் வச்சு லிங்க் பண்ணியிருந்தா கூகுள் அதைப் பின்தொடராது, சாதாரண `<a href>` வேணும்.

13. `Request Indexing` தினமும் அழுத்திட்டே இருந்தா சீக்கிரம் ஆகுமா? ஒரு பிளகின் தானா பண்ணும்னு விக்கறாங்க.

ஒரே பேஜுக்குத் திரும்பத் திரும்ப அழுத்தறதுல பலன் இல்ல, ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு அளவும் இருக்கு. அது கூகுளை இன்னொரு தடவை வரச் சொல்ற பட்டன், சேக்கச் சொல்ற பட்டன் இல்ல. ஏற்கனவே வந்து பாத்துட்டு வேண்டாம்னு போன பேஜை மாத்தாம மறுபடி கூப்பிட்டா அதே பதில்தான். 7, 9, 11, 12-ல சொன்னதுல ஒண்ணை நிஜமாவே மாத்தினதுக்கு அப்புறம் ஒரு தடவை அழுத்துங்க, போதும்.

அந்த மாதிரி பிளகின்ல பல இன்டெக்சிங் ஏபிஐங்கறதை உபயோகப்படுத்துது. கூகுள் அதைக் குடுத்திருக்கறது வேலைவாய்ப்பு விளம்பரப் பேஜுக்கும் நேரலை வீடியோ பேஜுக்கும் மட்டும்தான். ஆர்.ஓ. கடை பேஜுக்கு அது இல்ல, அதுக்குப் போய் காசு குடுக்காதீங்க. இன்டெக்ஸ்நவ்னு ஒண்ணு இருக்கு, அது பிங் மாதிரி தேடுபொறிகளுக்கு, கூகுள் அதை எடுத்துக்கறதில்ல.

14. ரிப்போர்ட்ல இன்டெக்ஸ் ஆகலன்னு இருக்கு, யூஆர்எல்லைப் போட்டுப் பாத்தா `URL is on Google`னு வருது. எதை நம்பறது?

யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனை நம்புங்க. ரிப்போர்ட் சில நாள் பின்தங்கித்தான் வரும், மேல `Last update` தேதி போட்டிருக்கும் பாருங்க. `site:` போட்டுத் தேடி எண்ணிப் பாக்கறவங்களும் இருக்காங்க, அது முழு லிஸ்ட் தராது, அதுல இல்லங்கறதை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

15. போன மாசம் இன்டெக்ஸ் ஆகி கஸ்டமர்கூட வந்தாங்க, இப்ப அதே பேஜ் இந்த லிஸ்டுக்கு வந்துடுச்சு. நான் ஒண்ணும் மாத்தலையே?

அந்தப் பேஜை நீங்க மாத்தலன்னு சரி, பக்கத்துல ஏதாவது புதுசா சேத்தீங்களா? சர்வீஸ் பேஜ் நல்லா ஓடிட்டு இருந்து, அப்புறம் அதே மேட்டரை வச்சு ஏரியா பேஜ் ஒரு டஜன் போட்டதும் எல்லாமே ஒண்ணுபோல ஆகி பழசும் வெளிய வந்ததை நான் பாத்திருக்கேன். 6-வதுல சொன்ன `View crawled page`ஐயும் ஒரு தடவை பாத்துடுங்க, தீம் அப்டேட்டோ புது பிளகினோ மேட்டரை மறைச்சிருக்கலாம், இல்ல ஹேக் ஆகி வேற எதையோ காட்டிட்டு இருக்கலாம்.

ரெண்டும் இல்லன்னா, புது பேஜை கூகுள் கொஞ்ச நாள் வச்சுப் பாத்துட்டு எடுத்துடறது நடக்கறதுதான். ஒரு தடவை சேத்தா நிரந்தரம்னு எங்கயும் வாக்கு குடுக்கல. அப்ப 11-வது கேள்விக்குத்தான் திரும்பப் போகணும்.

16. எல்லாம் மாத்தியாச்சு. `Validate Fix` அழுத்தணுமா? எவ்வளவு நாள் ஆகும்?

அழுத்தலாம், கட்டாயம் இல்ல. ஃபீட் யூஆர்எல் எல்லாம் அதே வரில இருக்கறதால அது பெரும்பாலும் `Failed`னுதான் வரும், அதைப் பாத்து மனசு விடாதீங்க. அதுக்கு பதிலா டிராப்டவுன்ல `All submitted pages` வச்சு அந்த நம்பர் மட்டும் குறையுதான்னு வாராவாரம் பாருங்க, சில நாள்லயும் வரலாம் சில வாரமும் ஆகலாம். சைட்மேப்ல `lastmod` தேதி நிஜமா மாத்தின பேஜுக்கு மட்டும் மாறணும், தினமும் எல்லா பேஜுக்கும் இன்னிக்குத் தேதி போடற பிளகின் செட்டிங் இருந்தா அணைச்சுடுங்க, கூகுள் அப்புறம் அந்தத் தேதியையே நம்பாது. `priority`, `changefreq` ரெண்டையும் கூகுள் கண்டுக்கறதே இல்ல, அதுல நேரம் போக்காதீங்க.

17. இதெல்லாம் பண்ணியும் ரெண்டு பேஜ் அப்படியே நிக்குது. என்ன பண்றது?

அந்த ரெண்டு பேஜும் என்னன்னு பாருங்க. பிரைவசி பாலிசி, நன்றிப் பக்கம் மாதிரி ஏதாவதுன்னா விட்டுடுங்க, கூகுள்ல தேடி யாரும் அதுக்கு வரப் போறதில்ல. சர்வீஸ் பேஜ்னா, அந்த மேட்டரைத் தூக்கி ஏற்கனவே இன்டெக்ஸ் ஆன பேஜ்ல ஒரு பகுதியா சேத்து பழைய யூஆர்எல்லை 301 பண்ணிடுங்க. தேடறவங்களுக்கு பதில் கிடைச்சாப் போதும், அது தனி யூஆர்எல்லா இருக்கணும்னு அவங்க கேக்கல.

மேப்ல கடை வர்றது வேற கணக்கு, அது பிசினஸ் புரொஃபைல் வழியா வருது. சைட்ல ரெண்டு பேஜ் இன்டெக்ஸ் ஆகலங்கறதுக்காக மேப்ல இருந்து கடை காணாமப் போகாது.